எழுதி வைத்த சிடி, டிவிடி படிக்காமல் போவது ஏன்? பிழை திருத்தம் மறைத்து வைக்கும் சிதைவு

பல ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்த டிவிடியை எடுத்து டிரைவில் போடுகிறோம். ஃபைல் பட்டியல் வருகிறது, முதல் நாலைந்து படங்கள் திறக்கின்றன. ‘நல்லாத்தான் இருக்கு’ என்று மறுபடி உறைக்குள் போட்டுவிடுகிறோம். இந்தச் சோதனையை நம்ப முடியாது. டிஸ்க் எழுதப்படுவது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி. ஃபைல் பட்டியலும் முதலில் எழுதிய ஃபைல்களும் நடுப்பகுதியில் இருக்கின்றன. சிதைவோ பெரும்பாலும் விளிம்பில்தான் தொடங்குகிறது. அதற்கும் மேல், டிரைவுக்குள் இருக்கும் பிழை திருத்தம், டிஸ்க் கெட்டுக்கொண்டிருப்பதைக் கடைசி வரை வெளியே காட்டாது. ஒரு ஃபைல் திறக்க மறுக்கும் நாளுக்கு வெகு முன்பே சிதைவு தொடங்கியிருக்கும்.

அச்சு சிடிக்கும் நாமே எழுதும் சிடிக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்த்துவிடலாம். கடையில் வாங்கும் பாட்டு சிடியில் தகவல் பாலிகார்பனேட்டிலேயே குழிகளாக அச்சாகியிருக்கிறது. அதில் கெடக்கூடியது குழிகளின் மேல் பூசிய உலோகப் படலம் மட்டுமே. சிடி-ஆர், டிவிடி-ஆர் வகைகளில் குழி கிடையாது. சுருளாக ஓடும் ஒரு வழிகாட்டிப் பள்ளத்தின் மேல் கரிமச் சாயம் பூசியிருக்கும். எழுதும்போது லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு, அங்கங்கே ஒளி குறைவாகத் திரும்பும் தழும்புகளை உண்டாக்குகிறது. சுட்ட இடத்துக்கும் சுடாத இடத்துக்கும் உள்ள மாறுபாடுதான் நம் தகவல். சாயம் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் மெல்ல மாறிக்கொண்டே இருக்கும் பொருள் என்பதால், அந்த மாறுபாடு ஆண்டுக்கு ஆண்டு மங்குகிறது. சாயத்துக்குப் பின்னால் இருக்கும் பிரதிபலிப்புப் படலம் பெரும்பாலும் வெள்ளி. வெள்ளி ஈரத்தாலும் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களாலும் கறுக்கும். தங்கம் பூசிய டிஸ்க்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அவை எப்போதும் விலை கூடியவை, அபூர்வமானவை. மறுபடி மறுபடி எழுதும் ஆர்டபிள்யூ வகையில் சாயத்துக்குப் பதில் ஓர் உலோகக் கலவை இருக்கிறது. நீண்ட காலம் வைத்திருக்கும் வேலைக்கு அது இன்னும் மோசம்.

சிடியும் டிவிடியும் கெடும் விதம் வேறு. சிடி 1.2 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. தகவல் படலம் அதன் மேல்பக்கத்தில், அதாவது பெயர் எழுதும் பக்கத்தில் இருக்கிறது. அதைக் காப்பது சில மைக்ரோமீட்டர் லாக்கர் பூச்சு மட்டுமே. அடிப்பக்கக் கீறலைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். உண்மையில் அதைப் பாலிஷ் செய்து காப்பாற்ற வாய்ப்புண்டு. மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனா அழுந்திய தடமோ நகக் கீறலோ விழுந்தால் சாயமும் உலோகமும் சேர்ந்தே பெயர்ந்துவிடும், அந்த இடத்துத் தகவல் திரும்ப வராது. ஒட்டும் ஸ்டிக்கர் லேபிளும் இந்தப் பூச்சைத்தான் இழுக்கிறது. பழைய லேபிளைப் பிய்த்தெடுக்க முயல வேண்டாம், வெள்ளிப் படலமும் அதோடு வந்துவிடும். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தட்டுகள் இரண்டைப் பசையால் ஒட்டியது. தகவல் நடுவில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் ஒட்டு விளிம்பில் விட்டுப்போனால் ஈரம் உள்ளே ஊறும்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை இந்த வேறுபாட்டை வைத்தே தேட வேண்டும். சிடி-ஆரை ஒரு விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனைத் துளைகளாக வெளிச்சம் வந்தால் அங்கே உலோகம் போய்விட்டது என்று பொருள். ஓரிரு துளைகள் புதிய டிஸ்க்கிலேயே இருக்கலாம். பரவிக்கொண்டிருந்தால்தான் கவலை. லாக்கர் செதிலாக உரிவது, விளிம்பில் பால் போன்ற மங்கல், காபிக் கறை போல ஒரு வளையம், குமிழ் ஆகியவை அடுத்த நிலை. டிவிடியில் விளிம்பிலிருந்து உள்ளே நுழையும் மேகம் போன்ற மங்கல் ஒட்டு விட்டதைக் காட்டும். சாயம் மங்குவதை மட்டும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பளபளவென்று புதிதாகத் தோன்றும் டிவிடி-ஆர் பாதிக்கு மேல் படிக்க முடியாமல் போயிருப்பது சாதாரணம்.

இதை உணர்வதற்கு டிரைவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். டிவிடி தகவலை 16 செக்டர்கள் கொண்ட தொகுதிகளாக, அதாவது 32 கிலோபைட் துண்டுகளாகக் கையாள்கிறது. ஒவ்வொரு தொகுதியும் வரிசைகளும் பத்திகளுமாக ஒரு கட்டமாக அடுக்கப்பட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் 10 பைட், ஒவ்வொரு பத்திக்கும் 16 பைட் என உபரித் தகவல் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு வரிசையில் 5 பைட் வரை தவறிருந்தால் அந்த வரிசையின் உபரியைக் கொண்டே சரிசெய்துவிடலாம். அதற்கு மேல் போனால் பத்திகளின் உபரி கைகொடுக்கும். அதுவும் போதாதபோதுதான் டிரைவ் கையை விரிக்கும். அப்போது போவது ஒரு பைட் இல்லை, பெரும்பாலும் 32 கிலோபைட் முழுவதும். சிடியிலும் இதே போன்ற அடுக்குகள் உண்டு. தகவல் சிடியில் ஒவ்வொரு 2,048 பைட் செக்டருக்கும் கூடுதலாக 276 பைட் திருத்தத் தகவல் இருக்கிறது. ஆடியோ சிடியில் இந்தக் கடைசி அடுக்கு இல்லை. அங்கே திருத்த முடியாத இடத்தை டிரைவ் அக்கம்பக்கத்து ஒலியைக் கொண்டு உத்தேசமாக நிரப்பிவிடும். ‘டிக்’ சத்தம் கேட்கும் வரை நமக்குத் தெரியவே தெரியாது.

சிதைவை முன்கூட்டியே அறிய, இந்தத் திருத்தங்கள் எத்தனை நடக்கின்றன என்று எண்ண வேண்டும். சிடிக்கு விநாடிக்கு 220 பிழைத் தொகுதிகள் என்பது தரவிதி வைத்த எல்லை. டிவிடிக்கு, அடுத்தடுத்த 8 தொகுதிகளில் 280 வரிசைப் பிழைகள். qpxtool போன்ற மென்பொருள்கள் இவற்றை வரைபடமாகத் தரும். ஆனால் எல்லா டிரைவும் இந்த எண்ணிக்கையை வெளியே சொல்லாது. சொல்லும் டிரைவ்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதனால் ஒரே டிரைவில், ஒரே வேகத்தில், சில ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு வரைபடங்களை ஒப்பிடுவதற்கே மதிப்பு அதிகம்.

அந்த வசதி இல்லாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு: படிக்கும் வேகத்தைப் பார்ப்பது. பெரும்பாலான மேசைக்கணினி டிரைவ்கள் டிஸ்க்கை ஒரே சுழல்வேகத்தில் சுற்றுவதால், நடுவில் மெதுவாகத் தொடங்கி விளிம்பை நெருங்க நெருங்க வேகம் சீராக ஏறும். 16 மடங்கு என்று அறிவித்த டிரைவ் உள்ளே 6 அல்லது 7 மடங்கில் தொடங்கி வெளியே 16-ஐத் தொடும். ஏறிக்கொண்டே போன வேகம் கடைசிக் கால்வாசியில் சரிந்து விழுந்து, மறுபடி எழுந்து, மறுபடி விழுந்தால் டிரைவ் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறது என்று அர்த்தம். ஃபைல்கள் பிழையின்றி வந்துகொண்டிருந்தாலும் அந்த டிஸ்க் எல்லைக் கோட்டில் நிற்கிறது. அன்றைக்கே இமேஜ், அதாவது முழு டிஸ்க்கையும் செக்டர் செக்டராக ஒரே ஃபைலில் நகலெடுத்தது, எடுத்துவிடுங்கள்.

சிதைவு என்று நினைத்துப் பயப்படத் தேவையில்லாத இரண்டு நிலைகளும் உண்டு. வீடியோ கேமராவில் எழுதி, ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் விட்ட டிவிடி கணினியில் வெற்று டிஸ்க் போலத் தோன்றும். எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் வெவ்வேறு நிறமாக அடிப்பக்கத்தில் தெரிந்தால் தகவல் உள்ளேதான் இருக்கிறது. எழுதிய கேமராவிலேயே போட்டு ஃபைனலைஸ் செய்யலாம், அல்லது IsoBuster போன்ற மென்பொருளால் எடுக்கலாம். இரண்டாவது, ஒவ்வொரு தடமாக எழுதும் முறையில் எழுதிய சிடி-ஆர். இமேஜ் எடுக்கும்போது கடைசி இரண்டு செக்டர்களில் பிழை வரும். அவை எழுதும் கருவி விட்டுப்போன முடிவுச் செக்டர்கள், அவற்றில் உங்கள் தகவல் எதுவும் இல்லை.

இனி எடுக்கும் முறை. ஃபைல்களை இழுத்து நகலெடுக்கத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. இயங்குதளம் ஒரு கெட்ட செக்டரில் முட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும், பிறகு மொத்த நகலையும் கைவிடும். அதற்குள் டிரைவ் சூடாகியிருக்கும், டிஸ்க்கின் நல்ல பகுதிகள் இன்னும் படிக்கப்படாமலே கிடக்கும். சரியான வரிசை இதற்கு நேர்மாறு. முதலில் சுலபமாக வருவதையெல்லாம் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில் அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். லினக்ஸில் ddrescue இதையே செய்கிறது.

டிஸ்க்கைப் போடும் முன் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். பஞ்சு இழை விடாத மென்துணியில் காய்ச்சி வடித்த நீரோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ நனைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் உண்டாகும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளமாக விழுந்து, ஒரே தொகுதியில் பல வரிசைகளைத் தின்றுவிடும். குறுக்கே விழும் கீறலைப் பிழை திருத்தம் தாங்கிக்கொள்ளும். நடுத்துளை அருகே விரிசல் கண்ட டிஸ்க்கை வேகமாகச் சுற்றும் டிரைவில் போடவே கூடாது, உள்ளேயே உடைந்து சிதறலாம்.

```
eject -x 4 /dev/sr0
isoinfo -d -i /dev/sr0 | grep -i "volume size"
ddrescue -n -b 2048 /dev/sr0 d017.iso d017.map
ddrescue -d -r 3 -b 2048 /dev/sr0 d017.iso d017.map
```

/dev/sr0 என்பது டிரைவ், d017 என்பது இந்த டிஸ்க்குக்கு நாம் வைத்த பெயர். முதல் வரி வேகத்தை 4 மடங்காகக் குறைக்கச் சொல்கிறது (சில டிரைவ்கள் கேட்காது, பரவாயில்லை). இரண்டாவது, டிஸ்க்கில் எத்தனை செக்டர் இருக்க வேண்டும் என்று காட்டுகிறது. அந்த எண்ணை 2,048-ஆல் பெருக்கினால் இமேஜ் அளவு கிடைக்கும். மூன்றாவது, கெட்ட இடங்களில் மாட்டிக்கொள்ளாமல் தாண்டிப் போகும் முதல் ஓட்டம். நான்காவது, விட்டுப்போன இடங்களுக்கு மட்டும் திரும்பி, மும்முறை முயலும் ஓட்டம். இரண்டுக்கும் .map ஃபைல் ஒன்றே. எந்த இடம் வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு முழுவதும் அதில் இருக்கிறது, அதை அழித்துவிடாதீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கோடு பார்க்கலாம். படங்கள் நிறைந்த டிவிடி-ஆர் ஒன்று, isoinfo காட்டுவது 2146304 செக்டர், அதாவது 4,39,56,30,592 பைட். இரண்டு ஓட்டமும் முடிந்தபின் .map ஃபைலில் இருக்கும் முக்கிய வரிகள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

```
#      pos        size  status
0x00000000  0xF8A00000  +
0xF8A00000  0x00018000  -
0xF8A18000  0x0D5E8000  +
```

கூட்டல் குறி வந்த பகுதி, கழித்தல் குறி வராத பகுதி. வராதது 0x18000, அதாவது 98,304 பைட், 48 செக்டர். சரியாக மூன்று 32 கிலோபைட் தொகுதிகள். தொடக்க இடமும் 32 கிலோபைட்டின் மடங்காகவே இருக்கிறது. இப்படி மடங்குகளாக வந்தால் அது பிழை திருத்தம் தோற்ற இடம், கேபிளோ இணைப்போ செய்த கோளாறு அன்று. 3,978 மெகாபைட் தாண்டிய இடம் என்பதால், டிஸ்க்கில் அது மையத்திலிருந்து ஏறக்குறைய 55 மில்லிமீட்டர் தொலைவில், விளிம்புக்கு 5 மில்லிமீட்டர் உள்ளே விழுகிறது. அந்த வட்டத்தில் விரல் தடமோ மங்கலோ இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டலாம்.

அடுத்த படி, வேறொரு டிரைவ். இதுதான் எல்லா வித்தைகளையும் விட அதிகம் பலன் தருவது. ஒவ்வொரு டிரைவின் லேசரும் லென்ஸும் மென்பொருளும் வேறு வேறு விதமாகத் தடுமாறும் என்பதால், ஒன்றில் வராத தொகுதி இன்னொன்றில் சாதாரணமாக வந்துவிடும். மெல்லிய யூஎஸ்பி டிரைவை விடப் பழைய மேசைக்கணினி டிரைவ் பெரும்பாலும் நன்றாகப் படிக்கும். அந்த டிஸ்க்கை எழுதிய டிரைவே கைவசம் இருந்தால் அதையும் முயலுங்கள். அதே கட்டளையை அதே .iso, .map பெயர்களோடு ஓட்டினால், ddrescue முழு டிஸ்க்கையும் படிக்காமல் விடுபட்ட 48 செக்டர்களை மட்டும் கேட்கும். -R என்று சேர்த்தால் பின்னிருந்து முன்னாகப் படிக்கும், சில சமயம் அதுவும் ஓரிரு தொகுதியைக் கொண்டுவரும். இரண்டாம் டிரைவில் இரண்டு தொகுதிகள் வந்து, மீதி 16 செக்டர் மட்டும் நின்றுவிட்டது என்று கொள்வோம். அது எந்தப் படத்தில் விழுந்தது?

```
cp d017.iso test.iso; cp d017.map test.map
printf "BAD-SECTOR " > mark.txt
ddrescue --fill-mode=- mark.txt test.iso test.map
sudo mount -o loop,ro test.iso /mnt
grep -rl "BAD-SECTOR" /mnt
```

நகல் இமேஜில், வராத செக்டர்களை மட்டும் ஓர் அடையாளச் சொல்லால் நிரப்பிவிட்டு, அந்தச் சொல் எந்த ஃபைலுக்குள் இருக்கிறது என்று தேடுகிறோம். ஒரே ஒரு ஃபைல் பெயர் வந்தால் இழப்பு ஒரு படம். அது ஜேபெக் என்றால் 32 கிலோபைட் ஓட்டைக்குக் கீழே உள்ள பகுதி சாம்பலாகவோ நிறம் மாறியோ போயிருக்கும். சுருக்கப்படாத டிஃப் அல்லது வேவ் ஃபைல் என்றால் ஒரு பட்டை அல்லது ஒரு நொடிக்கும் குறைவான ஒலியோடு சேதம் நின்றுவிடும். ஒரு பெரிய ஜிப் ஃபைலின் நடுவில் விழுந்தால் உள்ளே இருந்த ஒரு ஃபைல் போகும், மற்றவற்றைப் பெரும்பாலும் பிரித்தெடுக்கலாம். சொல் எந்த ஃபைலிலும் அகப்படவில்லை என்றால், ஓட்டை காலி இடத்திலோ ஃபைல் பட்டியலிலோ இருக்கிறது.

ஆடியோ சிடிக்கு இந்த வழி பொருந்தாது, அதில் ஃபைல் அமைப்பே இல்லை. cdparanoia, விண்டோஸில் Exact Audio Copy ஆகியவை ஒரே இடத்தைப் பலமுறை படித்து ஒப்பிட்டு எடுக்கும். பல அமர்வுகளில் எழுதிய சிடியில், இமேஜைத் திறந்தால் பழைய பட்டியல் மட்டும் தெரியலாம். mount கட்டளையில் sbsector என்ற விருப்பத்தோடு கடைசி அமர்வின் தொடக்கச் செக்டரைக் கொடுத்தால் முழுப் பட்டியலும் வரும்.

நிறைய டிஸ்க் இருந்தால் எதை முதலில் எடுப்பது? உறையில் அச்சடித்த பிராண்டை வைத்து முடிவு செய்ய முடியாது, பல பிராண்டுகள் வேறு ஆலைகளில் வாங்கிப் பெயர் போட்டவை. `dvd+rw-mediainfo /dev/sr0` டிவிடியின் தயாரிப்புக் குறியீட்டைக் காட்டும், சிடிக்கு `wodim -atip dev=/dev/sr0`. ஒரு குறியீட்டில் ஒரு டிஸ்க் சறுக்கினால் அதே குறியீடு கொண்ட மற்றவற்றை வரிசையில் முன்னே கொண்டுவாருங்கள், ஒரே தொகுப்பில் செய்தவை ஏறக்குறைய ஒரே சமயத்தில் கெடும். அவற்றுக்கு அடுத்து ஸ்டிக்கர் ஒட்டியவை, வெயில் பட்ட அலமாரியில் இருந்தவை, பிளாஸ்டிக் பைகளில் அடுக்கியவை.

எடுத்த இமேஜுக்கு உடனே `sha256sum d017.iso > d017.sha256` என்று சரிபார்ப்பு எண் எழுதிவிடுங்கள். அது இல்லாமல், சில ஆண்டு கழித்து ஹார்ட்டிஸ்க்கில் ஒரு பிட் புரண்டாலும் கண்டுபிடிக்க வழியில்லை. முக்கியமானவற்றுக்கு `par2 create -r10 d017.par2 d017.iso` என்று பத்து சதவீத உபரியும் சேர்க்கலாம். இரண்டு தனித்தனி ஹார்ட்டிஸ்க்குகளில், ஒன்று வேறு கட்டடத்தில். ஆண்டுக்கொரு முறை `sha256sum -c` ஓட்டிப் பாருங்கள். மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் எஸ்எஸ்டியை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம்.

மூன்றாவது நகலை மறுபடியும் ஒளித்தட்டிலேயே வைக்க விரும்பினால், கரிமச் சாயம் இல்லாத புளூ-ரே ஆர் அல்லது எம்-டிஸ்க் எடுங்கள். எல்டிஹெச் என்று குறித்த புளூ-ரே ஆர் கரிமச் சாயம் பூசியது, அதைத் தவிர்க்கவும். 25 ஜிபி தட்டில் 22 ஜிபியோடு நிறுத்தினால் முதலில் கெடும் விளிம்பில் உங்கள் ஃபைல் இருக்காது. அந்த மிச்ச இடத்தை dvdisaster திருத்தத் தகவலால் நிரப்பியும் தரும். உச்ச வேகத்தில் எழுதாமல், எழுதிய பின் முழுவதும் படித்துச் சரிபார்த்து, பெயரை நடுத்துளையைச் சுற்றிய ஒளிபுகும் வளையத்தில் நீர் கலந்த மையால் எழுதி, கெட்டிப் பெட்டியில் செங்குத்தாக வையுங்கள். அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2003-இல் வெளியிட்ட கையேடு, நீண்ட காலச் சேமிப்புக்கு 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் சொல்கிறது. இந்த எல்லைக்குள் வைக்க முடியாவிட்டாலும், வெப்பமும் ஈரமும் அடிக்கடி ஏறி இறங்காத இருட்டான இடம் போதும். குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்ததும் டிரைவில் போடாமல், பெட்டிக்குள்ளேயே அறை வெப்பத்துக்கு வரும் வரை விட்டுவைக்க வேண்டும், இல்லையென்றால் பனித்துளி படியும்.

முழுமையாக வந்துவிட்ட பழைய டிஸ்க்கை என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். ஓட்டை விழுந்த டிஸ்க்கை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். அதன் .map ஃபைலையும் இமேஜோடு சேர்த்து வைத்து, உறையின் மேல் ‘16 செக்டர் பாக்கி, இன்ன இரண்டு டிரைவ்களில் முயன்றது’ என்று குறித்துவிடுங்கள். மூன்றாவதாக வேறொரு மாடல் டிரைவ் கைக்கு வரும் நாளில், ஒரே கட்டளையில் சில நிமிடங்களில் அதையும் கேட்டுப் பார்த்துவிடலாம்.